ஏ/எல் இல்லாமல் பட்டம்: வேலைக்குப் போகிறவர் எந்த வாசலால் போகலாம்?

கடந்த ஒரு வருடத்தில் வன்னியில் நான் சந்தித்த இளையோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், லீசிங் கம்பனியில் வசூலுக்குப் போகும் தம்பி, பாமசியில் நிற்கும் பிள்ளை என்று ஆட்கள் வேறு, கேள்வி ஒன்றுதான். “அக்கா, இடையில விட்ட படிப்பைத் திரும்பத் தொடங்கலாமெண்டு நினைக்கிறன். தொலைக்கல்வியில டிகிரி செய்யிறதா, இல்லாட்டி பின்னேர வகுப்பு இருக்கிற கொலிஜ் ஒண்டில சேருறதா?”

ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவள் என்பதால் இந்த விடயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நான் உயர்தரம் எடுத்து, வெட்டுப்புள்ளி தாண்டி, உள்வாரி மாணவியாக பல்கலைக்கழகம் போனவள். அவர்கள் போகவேண்டிய வழி அதுவல்ல. ஆகவே விதிகளைத் தேடிப் படித்தேன். அந்த வழியால் போய்க்கொண்டிருப்பவர்களோடு பேசினேன். விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: தொலைக்கல்வியா, பின்னேர வகுப்பா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உங்களிடம் ஏ/எல் இருக்கிறதா என்பது. அது இல்லையென்றால் பெரும்பாலான வாசல்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. திறந்திருக்கும் ஒன்றிரண்டில் எது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது, வாரத்தில் உங்கள் கையில் உண்மையாக எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்பதுதான்.

பின்னேரக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறதா?

இந்தியச் சினிமாவிலும் நாடகங்களிலும் வரும் மாலைநேரக் கல்லூரியைப் போல, ஐந்து மணிக்கு வேலை விட்டு ஆறு மணிக்கு வகுப்பில் இருந்து பட்டம் பெறும் அரச கல்லூரி வடக்கு கிழக்கில் வழக்கத்தில் இல்லை. இங்கே அந்த இடத்தில் இருப்பது ‘பகுதிநேரம்’. அதற்கு நடைமுறையில் பெரும்பாலும் சனி, ஞாயிறு வகுப்பு என்றே பொருள்.

அவற்றில் அதிகம் அறியப்பட்டது இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் உருவான இதன் நிறுவகங்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை போன்ற இடங்களில் இயங்குகின்றன. கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா வழங்குகின்றன. முழுநேரமாகவும் படிக்கலாம், பகுதிநேரமாகவும் படிக்கலாம். விரிவுரையாளர் முன்னால் நின்று கற்பிப்பார், கூடப் படிக்க ஆட்கள் இருப்பார்கள். தனியே படித்துப் பழகாதவருக்கு இது பெரிய பலம். ஆனால் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். அங்கே கிடைப்பது டிப்ளோமா, பட்டமல்ல. சேர்வதற்கு உயர்தரச் சித்தி கேட்கிறார்கள்.

வெளிவாரிப் பட்டத்துக்கும் இதே கதைதான். யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை போன்ற பல்கலைக்கழகங்கள் வெளிவாரிப் பட்டங்களை நடத்தி வந்திருக்கின்றன. பொதுவாக உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி அடிப்படைத் தகைமை. வெட்டுப்புள்ளி தேவையில்லை என்பதுதான் உள்வாரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. ஆகவே ஏ/எல் எடுத்துச் சித்தியடைந்து, ஆனால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் வேலைக்குப் போனவர்களுக்கு இது நல்ல வழி. ஓ/எல்லோடு நின்றவருக்கு அந்த வாசலும் மூடியே இருக்கிறது.

மிஞ்சுவது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கப்பட்ட இது மற்ற அரச பல்கலைக்கழகங்களைப் போலவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வருகிறது. தலைமையிடம் நாவலயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்களும், வவுனியா, திருகோணமலை போன்ற இடங்களில் கற்கை நிலையங்களும் இருக்கின்றன. இங்கே படிப்பு ‘மட்டம்’ என்ற படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மட்டம் 3 முதல் பட்டத்துக்குரிய பாடங்கள். மட்டம் 1, 2 என்பவை உயர்தரம் இல்லாதவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவரும் நுழைவு நிலை. அடிப்படைப் பாடநெறி, உயர் சான்றிதழ் என்ற பெயர்களில் இது அறிவிக்கப்படும். 18 வயது நிறைந்தவர் முறையான பாடசாலைத் தகைமை இல்லாமலே கீழ்ப்படியில் இருந்து தொடங்கலாம். அதைச் சித்தியடைந்தால், ஏ/எல் கேட்கும் இடத்தில் அந்தச் சான்றிதழைக் காட்டி அதே பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்குள் போகலாம். சமூக விஞ்ஞானத் துறையில் அடிப்படை நிலையையும் பட்டத்தையும் தமிழிலேயே படிக்கலாம்.

ஒரு தம்பியின் கணக்கு

கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை செய்யும் ஒரு தம்பியின் விடயத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். 2009இல் தரம் 7 படித்துக்கொண்டிருந்தவர். இடப்பெயர்வு, செட்டிகுளம் முகாம், பிறகு ஊர் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் வகுப்பு. 2013 டிசம்பரில் ஓ/எல் எடுத்தார். ஆறு பாடங்களில் சித்தி, கணிதம் இல்லை. கணிதம் போனதோடு பள்ளிக்கூடமும் போனது. அப்பா இல்லாத வீட்டில் அடுத்த மாதமே வேலைக்குப் போகவேண்டியிருந்தது. என்னிடம் வந்தபோது வயது 28.

திறந்த பல்கலைக்கழகத்தில் சேருவதென்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். “மூண்டு வருசத்தில டிகிரியை முடிச்சுப்போடுவன் அக்கா” என்றார். நாங்கள் இருந்து ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை இங்கே தருகிறேன், யாரும் தங்களுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பில் இருப்பது, வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்த்துத்தான் 50. மூன்றாண்டுப் பொதுப் பட்டம் ஒன்றுக்கு 90 கிரெடிட் வேண்டும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. முழுநேர மாணவர் ஒருவர் வருடத்துக்கு 30 கிரெடிட் படிப்பார் என்பதே அந்த மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு என்ற பேச்சின் அடிப்படை. 30 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். வருடத்தில் 50 வாரம் படித்தாலும் வாரத்துக்கு 30 மணித்தியாலம் வேண்டும்.

இனித் தம்பியின் வாரம். கடை காலை 8 மணிக்குத் திறந்து மாலை ஆறரைக்குப் பூட்டும், திங்கள் முதல் சனி வரை. சாமான் இறக்குகிற நாளில் இன்னும் பிந்தும். வார நாட்களில் நான்கு இரவு, ஒன்றரை மணித்தியாலம் படி, 6 மணித்தியாலம். ஐந்து இரவும் படிப்பேன் என்று முதலில் சொன்னார், ஆனால் சீமெந்து மூட்டை தூக்கிய உடம்பு அதற்கு விடாது என்று அவரே குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை 6 மணித்தியாலம். மொத்தம் வாரத்துக்கு 12. வருடத்துக்கு 600. பௌர்ணமி நாட்களில் கடை பூட்டு, அந்தப் பன்னிரண்டு நாளும் ஐந்து மணித்தியாலம் படித்தால் இன்னுமொரு 60. ஆக 660 மணித்தியாலம், அதாவது 13 கிரெடிட்.

90 கிரெடிட்டை 13ஆல் பிரித்தால் ஏறத்தாழ ஏழு வருடம். அதற்கு முன் அடிப்படை நிலைக்கு ஒன்று அல்லது இரண்டு வருடம். 28 வயதில் தொடங்குபவர் 36 அல்லது 37இல் பட்டம் பெறுவார். கொப்பியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், அவர் பட்டம் பெற விரும்பியது ஆசிரியராக வருவதற்கு. பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்பு அறிவித்தல்களில் வயதெல்லை உண்டு. 35, 40 என்று அது அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறியிருக்கிறது. பட்டம் கைக்கு வரும்போது வேலையின் கதவு பூட்டியிருக்கக்கூடும் என்பதைத் தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும், ஏழாவது வருடத்தில் அல்ல.

கணக்கின் பலனாக அவர் செய்தது படிப்பைக் கைவிடுவதல்ல. முதலாளியிடம் போய் சனிக்கிழமை அரைநாள் கேட்டார். சம்பளத்தில் குறைத்துக்கொண்டு முதலாளி சம்மதித்தார். அந்தப் பின்னேரத்தால் வாரத்துக்கு 5 மணித்தியாலம் கூடியது. 12 மணித்தியாலம் 17 ஆனது. பௌர்ணமி நாட்களையும் சேர்த்தால் வருடத்துக்கு 910 மணித்தியாலம், அதாவது 18 கிரெடிட். 90ஐ 18ஆல் பிரித்தால் ஐந்து வருடம். வாரத்தில் ஒரு பின்னேரம் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்துகிறது. வேலைக்குப் போகிறவர் படிப்புக்காகச் செலவழிக்கும் முதல் காசு கட்டணமல்ல, நேரத்தை வாங்குவதற்கான காசு. அந்தக் காசைக் குடும்பம் தாங்குமா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே வீட்டில் பேசியாக வேண்டும்.

உள்ளே போனபின் எங்கே இடறுகிறது

தொலைக்கல்வி என்றால் புத்தகம் வீட்டுக்கு வரும், வருடக் கடைசியில் சோதனை எழுதினால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். வெளிவாரிப் பட்டத்தின் பழைய முறைக்கு அது ஓரளவு பொருந்தும். திறந்த பல்கலைக்கழகம் அப்படியல்ல.

இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் வருடத்தின் நடுவிலேயே ஒப்படைகளும் தொடர் மதிப்பீட்டுப் பரீட்சைகளும் இருக்கும். அவற்றில் குறித்த அளவு புள்ளி பெற்றவருக்கே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றும் ‘தகுதி’ கிடைக்கும். தகுதி கிடைக்காவிட்டால் இறுதிப் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே போகமுடியாது. அந்தப் பாடத்தை அடுத்த முறை மறுபடி பதிவுசெய்து, மறுபடி காசு கட்டி, ஒப்படைகளைத் திரும்ப எழுதவேண்டும். தகுதி கிடைத்தபின் இறுதிப் பரீட்சையில் தவறினால் நட்டம் குறைவு, பரீட்சையை மட்டும் மீண்டும் எழுதலாம். ஆகவே நேரம் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்று வந்தால், ஒப்படையை ஒருபோதும் விடக்கூடாது.

தம்பிக்கு முதல் வருடத்தில் நடந்தது இதுதான். பொங்கலுக்கு முன் வீடு திருத்துகிறவர்களின் கூட்டம். கடையில் இரவு எட்டு மணிவரை வேலை. அந்தக் கிழமைகளில் ஒரு பாடத்தின் ஒப்படைத் திகதி தவறிப்போனது. அந்தப் பாடத்தில் அவருக்குத் தகுதி கிடைக்கவில்லை. பாடம் கடினமாக இருந்ததால் அல்ல, திகதி தெரியாததால். இப்போது வருடத் தொடக்கத்தில் செயற்பாட்டு அட்டவணை வந்தவுடன் எல்லா ஒப்படைத் திகதிகளையும் கடைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் குறித்து, பத்து நாள் முந்திய திகதியையே கடைசித் திகதியாக வைத்துக்கொள்கிறார். பெயின்ற் கம்பனி கொடுத்த அந்தக் கலண்டரை முதலாளியும் பார்க்கிறார் என்பது இன்னொரு நன்மை.

வகுப்பு நாட்களை மாணவர்கள் ‘டே ஸ்கூல்’ என்கிறார்கள். இவை பெரும்பாலும் வார இறுதியில் பிராந்திய நிலையத்தில் நடக்கும், சில இப்போது இணையவழியாகவும் நடக்கின்றன. பல பாடங்களில் இவற்றுக்கு வருகை கட்டாயமில்லை. ஆனால் பாடசாலையை விட்டுப் பத்து வருடம் கடந்தவருக்கு, பாடநூலின் மொழி முதலில் புரியாது. ஒரு பாடத்தின் முதலாவது வகுப்பு நாளைத் தவறவிட்டவர் அந்தப் பாடத்தைத் தவறவிடுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று நான் பேசிய மூன்று மாணவர்களும் தனித்தனியே சொன்னார்கள். தம்பி பதிவு செய்தது கொக்குவிலில் உள்ள யாழ்ப்பாண நிலையத்தில். கிளிநொச்சியில் இருந்து பஸ்ஸில் போய்வரவே கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம். அந்தப் பயண நேரத்தையும் அவர் கொப்பிக் கணக்கில் சேர்க்கவேண்டியிருந்தது.

மொழி அடுத்த இடறல். தமிழில் தொடங்கிய எல்லாப் படிப்பும் தமிழிலேயே முடிவதில்லை. சமூக விஞ்ஞானமும் சட்டமும் தமிழில் உண்டு, சட்டத்துக்கு நுழைவுப் பரீட்சை இருக்கிறது. விஞ்ஞானம், பொறியியல், முகாமைத்துவம் ஆகிய பட்டங்கள் ஆங்கிலத்தில். விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் ஆய்வுகூட வகுப்புகளும் உண்டு, அவற்றுக்கு வருகை கட்டாயம். அதற்குக் கொழும்புக்குப் போய்த் தங்கவேண்டி வரலாம். வேலையில் இருந்து தொடர்ச்சியாக லீவு எடுக்கமுடியாதவர் இதைக் கேட்டறியாமல் பதிவு செய்யக்கூடாது. தமிழில் படிக்கும் பட்டத்திலும் ஆங்கிலம் ஒரு பாடமாக வரும். அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பவர்கள்தான் எல்லாம் முடித்தும் பட்டம் பெறாமல் நிற்கிறார்கள்.

வகுப்புத்தான் சரி என்று யாருக்குச் சொல்லலாம்?

தொலைக்கல்வி எல்லோருக்கும் பொருந்தாது. கையில் தொழில் உள்ளவருக்கு இன்னொரு பாதை இருக்கிறது. அது நம்மவர்கள் மத்தியில் குறைவாகவே பேசப்படுகிறது.

மேசன், வயரிங், மோட்டார் திருத்தம், ஒட்டுவேலை, தையல் போன்றவற்றில் பல வருடம் வேலை செய்தவர் வகுப்புக்கே போகாமல் தன் திறனை மதிப்பிடச் செய்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். என்.வி.கியூ என்று சொல்வது இதைத்தான். முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற இந்த முறையை ‘நைட்டா’ எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை நடத்துகிறது. மதிப்பீட்டாளர் வேலையைச் செய்யச்சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார், இதுவரை செய்த வேலைக்கான படங்களையும் கடிதங்களையும் பார்ப்பார். பாடசாலைப் பெறுபேறு அங்கே முதன்மையல்ல. பொதுவாக மட்டம் 3 அல்லது 4 கிடைக்கும். மட்டம் 5, 6 டிப்ளோமா நிலை. மட்டம் 7 பட்டத்துக்கு நிகர். அந்தப் பட்டத்துக்காக 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில்நுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. இங்கே ‘மட்டம்’ என்று சொல்வதும் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டமும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இந்தப் பாதையின் கீழ்ப்படிகள் ஊரிலேயே கிடைக்கும், மேற்படிகள் தூரம். ஆனால் ஒவ்வொரு படியும் தனித்தே பயன் தரும். வயரிங் வேலை செய்பவருக்கு மட்டம் 4 சான்றிதழ் அடுத்த ஒப்பந்தத்துக்கோ வெளிநாட்டு வேலைக்கோ உடனே உதவும். சமூக விஞ்ஞானப் பட்டத்தில் பாதிவழியில் நின்றால் கையில் அவ்வளவு இராது. வீட்டில் நிதி நெருக்கடி உள்ளவர், எட்டு வருடம் பொறுக்கமுடியாதவர், தனியே வாசித்துப் பழகாதவர் இந்த வழியையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

பெண்களின் நிலைமையையும் இங்கே சொல்லவேண்டும். ஆடைத் தொழிற்சாலை வேலை முடிந்து, கம்பனி பஸ்ஸில் வீடு சேர இரவு ஏழு மணியாகும் ஒரு பெண் பின்னேர வகுப்புக்குப் போவதென்றால், வகுப்பு முடிந்து திரும்ப பஸ் இல்லை. குறுக்கு வீதிகளில் வெளிச்சமும் இல்லை. அவருக்கு வீட்டில் இருந்து படிப்பதே நடைமுறைக்கு ஒத்தது. ஆனால் வீட்டில் இருக்கும் பெண்ணின் நேரத்தை யாரும் படிப்பு நேரமாக மதிப்பதில்லை. அப்படிப் படிக்கும் ஒரு தங்கை, அதிகாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரையே தன் நேரம் என்று என்னிடம் சொன்னார். “மற்ற நேரமெல்லாம் ஆரோ கூப்பிடுவினம் அக்கா.”

பட்டம் ஈடுசெய்யாதது

அடிப்படை நிலை வழியாகப் பெற்ற பட்டம் குறைந்த பட்டமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. பட்டம் கேட்கும் இடத்தில் அது பட்டம்தான். ஆனால் ஓ/எல், ஏ/எல் என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்கும் இடத்தில் பட்டம் அவற்றுக்கு ஈடாகாது. அரச முகாமைத்துவ உதவியாளர் சேவைக்கு ஓ/எல்லில் தாய்மொழி, கணிதம் உட்படத் திறமைச் சித்திகளும் ஏ/எல் சித்தியும் கேட்கிறார்கள். பட்டதாரியாக இருந்தாலும் அவை இல்லாதவர் அங்கே விண்ணப்பிக்க முடியாது. வங்கி, தனியார் நிறுவனங்கள் பலவும் ஓ/எல் கணிதத்தைப் பார்க்கின்றன.

ஆகவே கணிதத்தில் தவறியவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் அதே வருடத்தில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ/எல் கணிதத்தையும் எழுதிவிடுவது நல்லது. ஒரு பாடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். தம்பி தரம் 10, 11 கணிதப் புத்தகத்தை மீண்டும் எடுத்திருக்கிறார். ஹாட்வெயார் கடையில் சதுர அடியும் கனஅடியும் மனக்கணக்காகப் போடுகிறவருக்கு அளவையியல் அலகு இப்போது விளையாட்டு என்கிறார். அட்சரகணிதம்தான் இன்னும் இழுக்கிறதாம்.

நகரங்களில் தகட்டுப் பலகை போட்டு ‘ஏ/எல் இல்லாமல் ஒன்றரை வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாம் பொய்யல்ல. ஆனால் காசு கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும்: சான்றிதழில் பட்டம் வழங்குவதாக எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்? அது உள்ளூர்த் தனியார் நிறுவனம் என்றால், 1978ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25A பிரிவின் கீழ் அந்தக் குறித்த பட்டத்தை வழங்க அனுமதி பெற்றிருக்கவேண்டும். நிறுவனம் பதிவு செய்யப்பட்டது என்ற வியாபாரப் பதிவுப் பத்திரம் அதற்குப் போதாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அதை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். பதிலைச் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் கட்டும் காசு, 18 கிரெடிட்டுக்கு ஒரு வருடம் விழித்திருப்பவரின் காசு.

பத்திரங்கள்

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு தடை. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒரு கிழமைக்கு முன்தான் பலர் பத்திரங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். முள்ளிவாய்க்கால் வரை போய்வந்த குடும்பங்களில் அவை பெட்டிக்குள் இருப்பதில்லை.

பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். எடுத்தவுடன் அதிலுள்ள பெயரையும் தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முகாமில் அவசரமாகப் பதிந்த விபரங்களில் தந்தையின் பெயர் மாறியிருப்பது, பிறந்த திகதி ஒரு நாள் பிந்தியிருப்பது சாதாரணம். சிறிய வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் செய்த சத்தியக்கடதாசியைச் சில இடங்களில் ஏற்பார்கள். திகதி வேறுபாட்டைத் திருத்துவதற்கு மாதங்கள் எடுக்கும். அதைத் திருத்தாமல் படித்தால் சிக்கல் பட்டச் சான்றிதழிலும் தொடரும்.

ஓ/எல் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம், இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். சுட்டெண் மறந்துபோனால் பரீட்சை எழுதிய ஆண்டு, பாடசாலையின் பெயர் ஆகியவற்றோடு பாடசாலையிலும், பாடசாலைப் பதிவேடு அழிந்திருந்தால் வலயக் கல்வி அலுவலகத்திலும் விசாரியுங்கள். பாடசாலையே இடம்பெயர்ந்த வேறொரு கட்டடத்தில் நீங்கள் பரீட்சை எழுதியிருந்தால், பரீட்சை நிலையத்தின் பெயரை அல்ல, உங்கள் பாடசாலையின் பெயரைச் சொல்லுங்கள்.

இந்த வேலைகளுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் அடுத்த விண்ணப்ப அறிவித்தல் வரும்வரை காத்திருக்கும் அந்தக் காலத்திலேயே இன்னொன்றையும் செய்யலாம். நான்கு கிழமைக்கு, நீங்கள் நினைக்கும் படிப்பு நேரத்தில், ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணித்தியாலம் உண்மையாகக் கிடைத்தது என்று எழுதுங்கள். நான்கு கிழமையின் கூட்டுத்தொகையை நான்கால் பிரித்து வரும் எண், உங்களுக்கு எது சரியான பாதை என்பதை வேறெவரையும் விடத் தெளிவாகச் சொல்லும். அது பதினைந்தைத் தாண்டினால் பட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள். பத்துக்குக் கீழே நின்றால் முதலில் வேலை நேரத்தைப் பற்றி முதலாளியோடு பேசுங்கள், அல்லது கையிலுள்ள தொழிலுக்கான சான்றிதழில் இருந்து தொடங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால், அடிப்படை நிலையில் மட்டும் சேர்ந்து ஒரு வருடம் பாருங்கள். அந்த ஒரு வருடத்தில் ஒப்படைகள் எல்லாம் திகதிக்குப் போய்ச் சேர்ந்தால், மிச்சமும் போய்ச் சேரும்.